கலங்கலிலிருந்து மனை வரை

செவ்வாய்க்கிழமை காலை 6 மணிக்குச் செங்கல்பட்டிலிருந்து வட்டாட்சியரின் ஜீப் கிளம்பியபோது பாலாற்றின் மேல் பனி இன்னும் கலையவில்லை. தை மாதத்துப் பாலாறு. பாலத்துக்குக் கீழே மணல், நாணல், நடுவில் மெலிந்து ஓடும் ஒரு நீர்க்கோடு. மாமண்டூர், படாளம் என்று ஊர்கள் பின்னால் போயின. பின் இருக்கையில் ஒரு காக்கி உறையில் இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்று, அவருடைய அலுவலகத்திலிருந்து ஓர் ஊராட்சிக்குப் போனது. மற்றொன்று, அந்த ஊராட்சி அதை ஏற்காமல் எழுதிய பதில். முந்தைய நாள் ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் 40 குடும்பத்தார் கூட்டமாக வந்து கொடுத்தது அது.

ஊர் மதுராந்தகத்துக்குத் தெற்கே, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பெயர் வேண்டாம். இதே நிலைமையில் இருக்கும் ஊர்கள் இந்தப் பக்கம் பல இருப்பதால், பெயர் சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் இது தங்களுக்கு இல்லை என்று நினைத்துவிடக்கூடும்.

விவகாரம் எளியது போலத்தான் தெரிந்தது. ஊரில் வீடில்லாத குடும்பங்கள் 40. ஆளுக்கு 3 சென்ட் மனைப் பட்டா கொடுக்க வேண்டும். தார்ச்சாலையை ஒட்டி, பேருந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், 2 ஏக்கர் அரசு நிலம் காலியாகக் கிடக்கிறது. அதை மனைகளாகப் பிரித்துத் தரும்படி கிராம சபையில் தீர்மானம் போட்டு அனுப்பினார்கள். அலுவலகத்திலிருந்து ஒரே வரியில் பதில் போனது: நீர்நிலைப் புறம்போக்கு என்பதால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. ஊராட்சி விடவில்லை. அ-பதிவேட்டின் நகலை எடுத்து, அந்தச் சர்வே எண்ணுக்கு நேரே ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்று இருப்பதைச் சிவப்பு மையால் கோடிட்டுத் திருப்பி அனுப்பியது. ஏரியின் எல்லைக் கல் மனைக்கு வெளியே நிற்கிறது. ஏரி நிரம்பித் தளும்பி நின்ற நாளில்கூட மனைக்குள் தண்ணீர் இல்லை என்று புகைப்படமும் வைத்திருந்தார்கள்.

அவர்கள் சொன்னது சரி. பதிவேட்டின்படி அது நீர்நிலை இல்லை. அலுவலகம் எழுதிய காரணம் தவறு. ஆனாலும் மழைக்காலத்தில் அந்த இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதாகக் கிராம நிர்வாக அலுவலர் சொல்லியிருந்தார். ஏரிக்கு வெளியே இருக்கிற நிலம், ஏரி நிரம்பினாலும் நனையாத நிலம், ஏன் மூழ்குகிறது? அதை எழுதினால்தான் அது பதில். எழுதுவதற்கு முன் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

மதுராந்தகத்தில் ஏரிக்கரை கண்ணில் பட்டதும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். சோழர் காலத்து ஏரி. கோதண்டராமர் இங்கே ஏரி காத்த ராமர். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ், ஒரு பெருமழை இரவில் கரை உடைந்துவிடுமோ என்று பார்க்க வந்தபோது, வில்லேந்திய இருவர் கரையைக் காத்து நின்றதைக் கண்டார் என்பது ஊர்க்கதை. கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் அந்தக் கதைக்குள் இருக்கும் பயம் நிஜம். நிரம்பிய ஏரியில் மேலும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் அது எங்கே போகும் என்பதுதான் அந்தப் பயம். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்று பெயர். இங்கே ஏரிகள் தனித்தனியாக இல்லை. மேல் ஏரி நிரம்பினால் அதன் மிச்சம் கீழ் ஏரிக்கு. அது நிரம்பினால் அடுத்ததற்கு. சங்கிலி போல.

“முடிச்சூர்ல எங்க அக்கா வீடு, 2015-ல கீழ்த்தளம் முழுக்கத் தண்ணிம்மா” என்றார் ஓட்டுநர். அந்த ஆண்டு டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் நின்றதை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்கவில்லை. வட்டாட்சியர் தலையசைத்தார். “அங்கயும் மனை வாங்கினவங்க கையில பத்திரம் சரியாத்தான் இருந்திருக்கும்ணே” என்றார்.

ஊருக்குள் நுழைந்ததும் நேரே மனைக்குப் போகாமல் ஜீப்பை ஏரிக்கரைக்கு விடச் சொன்னார். ஊராட்சித் தலைவருக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மனையைப் பார்க்க வந்தவர், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கலங்கலுக்கு ஏன் போகிறார்?

ஏரிகள் அங்கே இரண்டு. மேலே சித்தேரி, கீழே பெரிய ஏரி. மனை இரண்டுக்கும் நடுவில், பெரிய ஏரியின் உள்வாய்ப் பக்கம், அதாவது கரைக்கு எதிர்ப்புறம், தண்ணீர் வந்து சேரும் பக்கத்தில் இருக்கிறது. பெரிய ஏரியின் கரை முடிகிற இடத்தில் கலங்கல். 20 மீட்டர் நீளத்துக்குக் கல்லால் கட்டிய தாழ்ந்த சுவர். அதன் தலைமட்டம் வரைதான் ஏரி கொள்ளும். அதற்கு மேல் வருகிற தண்ணீர் சுவரைத் தாண்டி வழிந்து போய்விடும். ஊரார் இதை ‘ஏரி கோடி போகுது’ என்பார்கள். சுவரின் மேல் வரிசையாகச் சிறு கல்தூண்கள் நட்டிருந்தன. அந்தக் கற்களுக்கு இடையே பலகையோ மண்ணோ வைத்து மழையின் முடிவில் இன்னும் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைப்பது பழைய பழக்கம். இப்போது அங்கே மணல் மூட்டைகள் இருந்தன. வெயிலில் சாக்கு இற்று, மணல் மட்டும் இறுகி மேடாக நின்றது.

நீர்க்கட்டிப் பெரியவர் வந்து சேர்ந்தார். எழுபதைத் தாண்டிய வயது. மடைகளைத் திறந்து மூடுவதும் முறை வைத்துத் தண்ணீர் விடுவதும் அவருடைய குடும்பத்தின் வேலை.

“எப்பய்யா வச்சது இந்த மூட்டை?”

“போன வருசத்துக்கு முந்தின வருசம்மா. ரெண்டாம் போகத்துக்குத் தண்ணி பத்தலன்னு ஆயக்கட்டுக்காரங்க வச்சாங்க. அப்புறம் எடுக்கல.”

“எடுக்கணுமில்ல?”

“எடுக்கணும். யார் எடுக்கிறது?”

ஒன்றிய ஓவர்சியர் ஆட்டோ லெவல் கருவியை முக்காலியில் பொருத்தினார். நில அளவைக்குச் சங்கிலியும் ஜிபிஎஸ்ஸும் போதும். மேடு பள்ளம் பார்க்க அது போதாது. கருவியின் கண்ணாடி வழியே தெரியும் கோடு எப்போதும் கிடைமட்டமாக இருக்கும். தூரத்தில் ஒருவர் அளவுக்கம்பத்தை நிறுத்திப் பிடிக்க, அந்தக் கோடு கம்பத்தில் எங்கே விழுகிறது என்று படிக்க வேண்டும். எண் கூடினால் கம்பம் நிற்கும் நிலம் பள்ளம், குறைந்தால் மேடு. தலைவரைக் கூப்பிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னார் வட்டாட்சியர். முதலில் அவருக்குக் கம்பமே தெரியவில்லை. பிறகு தெரிந்தது. அதன் பிறகு மதியம் வரை எல்லா எண்ணையும் அவரே படித்தார். ஓவர்சியர் சரிபார்த்துக் குறித்துக்கொண்டார். அன்று செய்த வேலைகளில் இதுதான் மிக முக்கியமானது என்று சொல்லலாம். பிறகு வந்த கடிதத்தில் இருந்த எண்கள் தலைவர் தன் கண்ணால் படித்தவை.

கலங்கலின் கல் தலைமட்டத்தை 100.00 மீட்டர் என்று வைத்துக்கொண்டார்கள். கடல் மட்டத்திலிருந்து எத்தனை உயரம் என்பது இங்கே தேவையில்லை. கலங்கலைவிட மனை எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்பதுதான் கேள்வி. அங்கிருந்து கருவியைத் தூக்கித் தூக்கி வைத்து, கரையோரமாகவும் பிறகு உள்வாயைச் சுற்றியும் நடந்தார்கள். ஒன்பது இடத்தில் கருவி நின்றது. வழியெல்லாம் நாட்டுக் கருவேல மரங்கள், நடுநடுவே நெய்வேலிக் காட்டாமணக்கு. தண்ணீர் வடிந்த சேற்றில் கொக்குகள். வேடந்தாங்கல் அதிகத் தூரமில்லை. அங்கிருந்து இரை தேடி வந்தவையாக இருக்கலாம். கம்பம் பிடித்த கிராம உதவியாளரின் கால் இரண்டு முறை சேற்றில் புதைந்தது.

மனையை அடைந்தபோது மணி 11. நல்ல இடம்தான். சமதளம். ஒரு மரம் வெட்ட வேண்டியதில்லை. சாலையில் போகிற யாருக்கும் இங்கே வீடு கட்டினால் என்ன என்று தோன்றும். ஆனால் பெரியவர் குனிந்து தரையிலிருந்து எதையோ பொறுக்கி வட்டாட்சியரின் கையில் வைத்தார். வெளுத்துப்போன நத்தை ஓடு. பார்த்தால் தரை முழுக்க அவை. சாலை ஓரத்தில் அறுகம்புல் இருந்தது. பத்தடி உள்ளே போனதும் கோரை தொடங்கியது. கரிய களிமண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு வெடிப்பில் விரலை விட்டால் அடியில் இன்னும் ஈரம்.

“ஊருக்கு நடுவுல இத்தனை நல்ல நிலம், எங்க தாத்தா காலத்துலேர்ந்து ஒருத்தரும் உழல, ஒருத்தரும் வளைக்கல. ஏன்னு யாரும் கேக்கலியே” என்றார் பெரியவர்.

தீர்வை ஏற்படாத தரிசு என்ற சொல்லுக்கு உள்ள பொருளை அவர் பதிவேட்டைப் பார்க்காமலே சொல்லிவிட்டார். விளைச்சல் வராது என்பதால் வரி போடப்படாத நிலம். விளைச்சல் ஏன் வராது என்பதைப் பதிவேடு எழுதி வைக்கவில்லை. புலப்படம் மட்டும் ஒரு குறிப்புக் கொடுக்கிறது. சித்தேரியின் கலங்கலிலிருந்து வரும் ஓடை, படத்தில் 11 மீட்டர் அகலமுள்ள இரட்டைக் கோடாக இறங்கி வந்து, மனையின் வடக்கு எல்லையில் சட்டென்று நின்றுவிடுகிறது. அந்தப் பக்கம் அது மறுபடி தொடங்கவே இல்லை. ஓடை மாயமாகிவிட்டதா? இல்லை. அந்த இடத்துக்கு வந்ததும் கரையில்லாமல் பரவி, 2 ஏக்கரிலும் விரிந்து, அப்படியே பெரிய ஏரிக்குள் இறங்குகிறது. பரவி ஓடும் தண்ணீருக்கு இரண்டு பக்கமும் கோடு போட அளவையாளர்களுக்கு வழியில்லை. எனவே மிச்சத்தைத் தரிசு என்று காட்டிவிட்டார்கள்.

இப்போது எண்கள். மனையின் மிகத் தாழ்ந்த மூலை 100.05. சாலையை ஒட்டிய உயர்ந்த மூலை 100.40. அதாவது மனையின் அடிமட்டம் கலங்கல் கல்லைவிட 5 சென்டிமீட்டர் உயரம். தலைவர் நிமிர்ந்து பார்த்தார். “அப்ப நாங்க சொன்னது சரிதானேம்மா? ஏரி ரொம்புனாலும் இங்க தண்ணி வராது.”

“சரிதான் தலைவரே. ஏரி ரொம்பினா வராது. ஏரி கோடி போனா வரும்.”

இந்த வித்தியாசத்தில்தான் எல்லாமே இருக்கிறது. முழு நீர்மட்டம் என்பது கலங்கல் கல்லின் தலைமட்டம். ஏரி நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். எல்லைக் கற்கள் அந்த மட்டத்தை வைத்து நடப்பட்டவை. ஆனால் நிரம்பிய ஏரிக்குள் மழை வெள்ளம் இன்னும் வந்துகொண்டிருந்தால், அது கலங்கலைத் தாண்டிப் போக வேண்டும். தாண்டிப் போவதற்கு, தண்ணீர் முதலில் கல்லுக்கு மேலே எழும்ப வேண்டும். குடத்தின் வாய் வரை நிரப்பிவிட்டு மேலும் ஊற்றினால் விளிம்புக்கு மேல் ஒரு பட்டை தண்ணீர் நின்றுதான் வழியும்; அதுபோல. வெள்ளம் எவ்வளவு வேகமாக வருகிறதோ அந்தப் பட்டை அவ்வளவு தடிமனாகும். 20 மீட்டர் கலங்கலில் 45 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை அடித் தண்ணீர் வழிந்தால், விநாடிக்குச் சுமார் 10 கன மீட்டர் போகும். ஏறத்தாழ 360 கன அடி. இரண்டு ஏரிகளின் நீர்ப்பிடிப்பும் சேர்ந்த ஓர் ஏரிக்குப் பெருமழையில் இது அபூர்வமான அளவு இல்லை. அந்த நேரத்தில் ஏரி முழுவதும், உள்வாயின் கடைசி மூலை வரை, 100.45-க்கு எழும்பி நிற்கும். மனை முழுவதும் அதற்குக் கீழே. தாழ்ந்த மூலையில் 40 சென்டிமீட்டர், உயர்ந்த மூலையில் 5.

ஆனால் ஊரார் சொன்னது முழங்கால் ஆழம். கணக்கு அதைவிடக் குறைவாக வந்தது. வட்டாட்சியர் அங்கேயே நின்றுவிட்டார். கணக்கும் கண்ணால் கண்டதும் ஒத்துப்போகாவிட்டால் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

மனைக்குள் ஒரு மின்கம்பம். சிமென்ட் கம்பம். அதில் தரையிலிருந்து இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவாக, சுற்றிலும் ஒரு பழுப்புக் கோடு. காய்ந்த பாசியும் சேறும் ஒரே மட்டத்தில் ஒட்டியிருந்தன. கம்பம் நிற்கும் தரை 100.15. கோடு தரையிலிருந்து 57 சென்டிமீட்டர். கூட்டினால் 100.72. கணக்கில் வந்த 100.45-க்கும் இதற்கும் இடையே 27 சென்டிமீட்டர் வித்தியாசம். ஒரு சாணுக்கு மேல் உயரமுள்ள இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

“மூட்டை” என்றார் பெரியவர்.

கலங்கலின் மேல் இருந்த மணல் மேட்டைக் காலையிலேயே அளந்திருந்தார்கள். சராசரி 25 சென்டிமீட்டர். கல்லின் தலைமட்டம் 100.00 என்றால் மூட்டையின் தலைமட்டம் 100.25. தண்ணீர் அதற்கு மேல்தான் வழிந்திருக்கிறது. 100.25-உடன் அந்த 45 சென்டிமீட்டரைக் கூட்டினால் 100.70. மின்கம்பத்தில் 100.72. இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசத்துக்குள் பொருந்திவிட்டது. அலையடித்த கோட்டில் அதைவிடத் துல்லியம் எதிர்பார்க்க முடியாது. பிற்பகலில் கருவியை அதே வழியில் கலங்கலுக்குத் திரும்பக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். தொடங்கிய எண்ணுக்கும் முடிந்த எண்ணுக்கும் இடையே 8 மில்லிமீட்டர்தான் பிசகு. அளவு சரி.

தலைவரின் வீட்டுத் திண்ணையில் மோர் குடித்துக்கொண்டிருந்தபோது பட்டியலில் பெயர் இருந்த பெண்கள் சிலர் வந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் கைக்குழந்தையுடன் இருந்தார். “மண்ணடிச்சு மேடாக்கிட்டா ஆவாதாம்மா?” என்று கேட்டார். இன்னொருவர், “கால்வா வெட்டி உட்டுட்டா?” என்றார். நியாயமான கேள்விகள். பல ஊர்களில் செய்கிற வேலைகள்தாம் இவை. வட்டாட்சியர் உடனே பதில் சொல்லவில்லை. எழுதி அனுப்புகிறேன், கிராம சபையில் எல்லாரும் கேட்கிற மாதிரி படித்துக் காட்டுங்கள் என்று தலைவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கடிதம் பத்து நாளில் போனது. பொருள், பார்வை என்ற வழக்கமான தலைவரிகள் இருந்தன. அதற்குக் கீழே அலுவலக நடை குறைந்து, பேசுவது போன்ற நடை தொடங்கியது. முதல் பத்தியே திருத்தம்: இந்நிலம் நீர்நிலைப் புறம்போக்கு என்று முன்பு எழுதியது பிழை, ஊராட்சி சுட்டிக்காட்டிய வகைப்பாடே சரி, ஏரிகள் பாதுகாப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அளந்து கல் நட்ட எல்லைக்குள்ளும் இது வரவில்லை. ஒரு வட்டாட்சியர் தன் அலுவலகத்தின் பிழையைக் கையெழுத்திட்டு ஒப்புக்கொள்வது அடிக்கடி நடப்பதில்லை. அந்த ஒரு பத்தி இல்லாவிட்டால் மற்ற பத்திகளை ஊர் கேட்டிருக்காது.

அடுத்து மட்டங்கள். கலங்கல், மனை, மின்கம்பக் கோடு மூன்றையும் ஒரே படத்தில், பக்கவாட்டில் பார்ப்பது போலக் கையால் வரைந்திருந்தார்கள். நிரம்பிய ஏரிக்கு ஒரு கோடு, கோடி போகும் ஏரிக்கு ஒரு கோடு, மூட்டை வைத்த ஏரிக்கு ஒரு கோடு.

பிறகு அந்தப் பெண்களின் கேள்விகளுக்குப் பதில். கால்வாய் வெட்டினால் தண்ணீர் எங்கே போகும்? அங்கே தாழ்ந்த இடம் பெரிய ஏரி ஒன்றுதான். மனை மூழ்கும் நாளில் அந்த ஏரியே மனையைவிட உயரத்தில் நிற்கிறது. அன்றைக்குக் கால்வாய் தண்ணீரை வெளியே கொண்டுபோகாது; ஏரித் தண்ணீரை உள்ளே கொண்டுவரும். ஏரி இறங்கிய பிறகு, தேங்கியதை வடிக்க மட்டும் உதவும்.

மண்ணடிப்பது பற்றிக் கடிதம் இன்னும் விரிவாகப் பேசியது. 2 ஏக்கரைப் பாதுகாப்பான மட்டத்துக்கு உயர்த்தச் சராசரியாக 80 சென்டிமீட்டர் மண் வேண்டும். சுமார் 6,500 கன மீட்டர். ஒரு டிப்பரில் மூன்று யூனிட் வீதம் கணக்கிட்டால் 760 லோடு. செலவு ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சிக்கல், சித்தேரி ஓடை பரவி இறங்குகிற வாசலே இந்த மனை என்பது. வாசலில் மேடு போட்டால் ஓடை வேறு பக்கம் திரும்பும். மேற்கே இருக்கும் பழைய குடியிருப்பின் தெருவை அன்று ஓவர்சியர் அளந்திருந்தார்: 100.50. மின்கம்பத்துக் கோட்டைவிட 22 சென்டிமீட்டர் தாழ்வு. அங்கே இப்போதே வாசற்படி வரை தண்ணீர் வருகிறது. 40 புது வீடுகள் காய்ந்திருக்க, 30 பழைய வீடுகளுக்குள் தண்ணீர் நுழையும். “அவ்வீடுகளில் இருப்போரும் இதே ஊராட்சியைச் சேர்ந்தவர்கள் என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்” என்று அந்தப் பத்தி முடிந்தது.

கிராம சபையில் யாரோ கட்டாயம் கேட்பார்கள் என்று எதிர்பார்த்த ஒரு கேள்விக்கும் பதில் இருந்தது: கலங்கலை ஓர் அடி இறக்கிவிட்டால் என்ன? மனையில் பெரும்பகுதி தப்பிவிடும். ஆனால் ஏரியில் கடைசியாக நிரம்பும் ஓர் அடிதான் அகலமாகப் பரவி நிற்கும் அடி. பெரிய ஏரியின் நீர்ப்பரப்பு 60 ஹெக்டேர் என்பதால், அந்த ஓர் அடியில் மட்டும் சுமார் 1,80,000 கன மீட்டர் தண்ணீர் போய்விடும். கிட்டத்தட்ட 37 ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்துத் தண்ணீர். கலங்கலை இறக்காமல் நீளத்தை இரட்டிப்பாக்கலாம். அப்போது அதே வெள்ளம் 45-க்குப் பதிலாக 28 சென்டிமீட்டர் உயரத்தில் வழிந்துவிடும், மனையில் பாதிக்கு மேல் நனையும், மீதி தப்பும். அது நீர்வளத் துறையின் வேலை, கீழே உள்ள ஊர்களையும் கேட்டுச் செய்ய வேண்டிய வேலை என்பதோடு கடிதம் அதை நிறுத்திக்கொண்டது.

மூட்டைகளைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் எழுதியிருந்தார். அவற்றை எடுத்தால் வெள்ள மட்டம் 25 சென்டிமீட்டர் இறங்கும். பழைய குடியிருப்பின் தெருவுக்கு அதுவே போதும்; தண்ணீர் தெருமட்டத்துக்குக் கீழே நின்றுவிடும். மனைக்குப் போதாது. எனவே மூட்டைகளை எடுத்துவிட்டு மனைக்கு அனுமதி கேட்பது பயன் தராது. மனையை மறந்துவிட்டாலும் மூட்டைகளை ஐப்பசிக்கு முன் எடுத்தே ஆக வேண்டும்.

கடைசியில் மாற்று இடம். ஊருக்கு மேற்கே மேட்டில் 1 ஏக்கர் 60 சென்ட், தீர்வை ஏற்பட்ட தரிசு. 40 குடும்பத்துக்கு 3 சென்ட் வீதம் 120 சென்ட் போக, தெருவுக்கும் வடிகாலுக்கும் 40 சென்ட் மிஞ்சும். மட்டம் 103-க்கு மேல். செம்மண், சரளை. அங்கே கரையான் புற்று நிற்கிறது. தண்ணீர் தேங்குகிற தரையில் அது நிற்காது என்று நீர்க்கட்டிப் பெரியவர் சொன்னதையும் கடிதம் சேர்த்துக்கொண்டிருந்தது. குறை ஒன்று உண்டு. சாலையிலிருந்து 600 மீட்டர் உள்ளே.

மே முதல் தேதி நடந்த கிராம சபையில் கடிதம் முழுதாகப் படிக்கப்பட்டது. எண்கள் வந்த இடங்களில் தலைவர் நிறுத்தி, “இது நான் பாத்துப் படிச்சது” என்றார். வாக்குவாதம் இல்லாமல் இல்லை. மேட்டில் இருந்தால் குழந்தைகள் பள்ளிக்கு எப்படி வரும், இருட்டில் பெண்கள் எப்படி நடந்து வருவார்கள் என்று கேட்டார்கள். கேட்டவர்கள் சரியாகத்தான் கேட்டார்கள். நனையாத இடத்தைக் காட்டிவிட்டால் மட்டும் குடியிருப்பு வந்துவிடாது. இரண்டு மணி நேரம் கழித்துப் பழைய தீர்மானத்தில் சர்வே எண்ணை மட்டும் மாற்றினார்கள். 40 பெயர்களும் அப்படியே இருந்தன. கீழே ஒரு வரி சேர்த்தார்கள்: மேட்டுத் தரிசுக்குச் செல்லும் வண்டிப்பாதையைத் தார்ச்சாலையாக்கி, விளக்குப் போட்டுத் தர வேண்டும்.

ஆடியில் ஆயக்கட்டுக்காரர்களே வந்து மூட்டைகளை எடுத்தார்கள். மேட்டில் மனைக்கல் நட்டாயிற்று. அந்த 600 மீட்டர் பாதை இன்னும் மண் பாதையாகவே இருக்கிறது. பட்டாவோடு சேர்த்து அந்தச் சாலையையும் கொடுத்தால்தான் அந்தக் கடிதம் முழுமையான பதிலாகும்.